புதுப்பிப்பு: 38ஆம் கேள்வி அவ்வளவு கடினமானது அல்ல

என் பழைய கேள்வி: "முன்னோட்டத் தேர்வை 400 பேர் எழுதினார்கள். 38ஆம் கேள்வி எளிய பின்னக் கணக்கு. விடைகளிலிருந்து கேள்விகளின் கடினத்தைக் கணக்கிடும் ராஷ் மாதிரி அதற்கு ஏன் 1.1 என்று கடினம் காட்டுகிறது?"

நேற்றிரவு விடைக் கோப்பை வரிவரியாகப் படித்தேன். 120 பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 160 பேரின் வரிகள் 34, 35உடன் நின்றுவிடுகின்றன. பிறகு வெறும் வெற்றிடம். நேரம் தீர்ந்திருக்கிறது. அந்த வெற்றிடங்களையெல்லாம் நான் 0, அதாவது தவறான விடை, ஆக்கியிருந்தேன். கேள்வியை எட்டியவர்கள் 240 பேர்தான். அவர்களில் பாதிப் பேர் சரி.

வினாவங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றிய அக்கா இங்கே சொன்னபடி, கடைசியாகத் தொட்ட கேள்விக்குப் பிந்தைய வெற்றிடங்களை மட்டும் கணக்கில் சேராதபடி `NA` ஆக்கினேன். நடுவே தாண்டிப் போனவை 0ஆகவே இருக்கின்றன. பார்த்துவிட்டு விட்டவை அவை. கடினம் 0.3க்கு இறங்கியது. பழைய மதிப்போடு விட்டிருந்தால், எழுதுபவரின் திறனுக்கேற்பக் கேள்வி தரும் தகவமைவுத் தேர்வு இந்த நடுத்தரக் கணக்கைக் கெட்டிக்காரர்களிடம் நீட்டி, அவர்கள் திறனை மிகையாக மதிப்பிட்டிருக்கும்.

"400 பேர் போதாது" என்ற தம்பி சொன்னது, கடினத்தோடு இன்னும் இரண்டு பண்புகளையும் மதிப்பிடும் மூன்று அளவுரு மாதிரிக்குப் பொருந்தும். இங்கே 4,000 பேர் எழுதியிருந்தாலும் இதே பிழைதான் வந்திருக்கும்.

எட்டிய 240 பேரில் எத்தனை பேர் கடைசி நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தார்கள்? விடை நேரத்தை நாங்கள் பதிவு செய்யவில்லை. அடுத்த முன்னோட்டத்தில் அதைப் பதிவு செய்து, கேள்வி வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றப் போகிறோம்.