ஒரே நேரத்துக்கு இரண்டு பேர்: மென்பொருளா, ஷீட்டா, போனா?

கோபி_கவிதா
கோபிசெட்டிபாளையத்தில் பார்லர் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறும் பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மென்பொருள் வாங்கலாமா, கூகுள் ஷீட் போதுமா, போனிலேயே ஓட்டலாமா? ஆவணி முகூர்த்தம் வருகிறது, அவசரம்.

பெருந்துறை_ரமேஷ்
எத்தனை நாற்காலி? எத்தனை பேர் வேலை? போனை யார் எடுக்கிறார்கள்?

திருப்பூர்_சலூன்
எங்களிடம் முன்பதிவே கிடையாது. ஞாயிறு காலை பெஞ்சு நிறைந்துவிடும், வந்த வரிசைதான். செவ்வாய் ஈ ஓட்டுவோம்.

மூத்த_உறுப்பினர்
இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மென்பொருள் வாங்குங்கள், முடிந்தது.

கோபி_கவிதா
மூன்று நாற்காலி, என்னோடு மூன்று பேர். கடை போன் ஒன்று, என் போன் ஒன்று. கையில் சாயம் இருந்தால் மனதில் வைத்துக்கொண்டு பிறகு நோட்டில் எழுதுவேன்.

வாட்ஸ்அப்_வாசு
அப்படியானால் வாட்ஸ்அப்பில் மட்டும் பதிவு வாங்குங்கள். எழுத்தில் இருந்தால் மோதாது.

ஈரோடு_சாந்தி
வாசு தம்பி சொல்வது பாதி சரி. எழுத்தில் இருக்கும், ஆனால் எத்தனை மணிக்கு முடியும் என்று அதில் தெரியாது. கவிதா, உங்கள் சிக்கல் இரண்டு போன், ஒரு நோட்டு. இரண்டு இடத்தில் பதிவு வாங்கினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. மூன்று பேருக்கு ஷீட் போதும். A தேதி, B யார் செய்வது, C தொடக்கம், D முடிவு. A2:D500 வரை தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் இதைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வையுங்கள்:

```
=COUNTIFS($A$2:$A$500,$A2,$B$2:$B$500,$B2,$C$2:$C$500,"<"&$D2,$D$2:$D$500,">"&$C2)>1
```

ஒரே ஆளுக்கு நேரம் மோதினால் இரண்டு வரியும் சிவக்கும். சாயத்தை ஒரே வரியாக எழுதாதீர்கள். 10:00 முதல் 10:40 வரை பூசுவது ஒரு வரி, 11:20 முதல் 11:50 வரை கழுவுவது இன்னொரு வரி. நடுவே, பூசிவிட்ட பெண் இன்னொருவருக்குப் புருவம் முடித்துவிடலாம். ஆனால் சாயத்தோடு இருப்பவர் நாற்காலியை விட்டு எழமாட்டார். அது இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. இரவில் வாடிக்கையாளர்களே பதிவு செய்ய வேண்டும், முதல்நாள் நினைவூட்டல் தானாகப் போக வேண்டும் என்றால்தான் மென்பொருள்.

மூத்த_உறுப்பினர்
முன்பணம் வாங்காமல் எதுவும் உருப்படாது.

பெருந்துறை_ரமேஷ்
பக்கத்துத் தெரு அக்காவிடம் புருவத்துக்கு முன்பணம் கேட்டால் அப்புறம் கடைக்கே வரமாட்டார்.

மூத்த_உறுப்பினர்
மணப்பெண் அலங்காரத்துக்குச் சொன்னேன். படித்துவிட்டுப் பேசவும்.

ஈரோடு_சாந்தி
அதற்கு நானும் வாங்குகிறேன். முகூர்த்த நாளில் ஒருத்தி வராவிட்டால் விடிகாலை முழுதும் வீண்.

கோபி_கவிதா
நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன். என் போனில் பதிவு வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு மோதல் மட்டும் சிவக்கவில்லை. ஒரு வரியில் மல்லிகா, இன்னொன்றில் மல்லி என்று எழுதியிருக்கிறார்கள்.

ஈரோடு_சாந்தி
B-யில் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள் அம்மணி. கீழ்விரி பட்டியல் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.