நூறு பேருக்கு டீ: பால் எவ்வளவு, தூள் எவ்வளவு?

தட்டச்சு மேசை:
வரும் 31ஆம் தேதி எங்கள் ஆபீஸில் சூப்பிரண்டு சாருக்குப் பணி ஓய்வு பாராட்டு விழா. சாயங்காலம் நாலு மணிக்கு நூறு பேருக்கு டீ. கடையில் சொல்லாமல் நாமே போட்டுவிடலாம் என்று பேசி முடித்து, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வீட்டில் ஆறு பேருக்கு மேல் டீ போட்டதில்லை. பால், தூள், சர்க்கரை எவ்வளவு வாங்குவது?

அடுப்படி அரசி:
இதற்கு எதற்குப் பயம்? வீட்டுக் கணக்கை நூறால் பெருக்குங்கள். ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன் தூள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அப்படியென்றால் தூள் அரைக் கிலோ, சர்க்கரை ஒரு கிலோ. பால் பத்து லிட்டர். விசேஷத்துக்குப் போடுகிற டீயில் தண்ணீர் கலக்காதீர்கள், மானம் போய்விடும்.

பந்திக்காரன்:
அக்கா, சர்க்கரை சரி. தூளும் பாலும் தப்பு. வீட்டு டம்ளர் 150 மில்லி பிடிக்கும். விழாவில் கொடுப்பது பேப்பர் கப். 100 மில்லி கப் என்று கடையில் விற்பதில் தளும்பாமல் ஊற்றினால் 85 மில்லிதான் நிற்கும். நூறு கப்புக்கு எட்டரை லிட்டர் டீ. இரண்டாவது கப் கேட்பவர், டிரைவர்கள், சிந்துவது என்று பத்துக் கப் சேர்த்தால் ஒன்பதரை லிட்டர் வரும்.

இனி யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று. டஸ்ட் தூள் தண்ணீரைக் குடிக்கும். கால் கிலோ தூளைப் போட்டு வடிகட்டினால், அந்த ஈரச் சக்கையிலேயே முக்கால் லிட்டர் வரை நின்றுவிடும். கொதிக்கும்போது அரை லிட்டர் ஆவியாகும். ஆனால் முக்கால் கிலோவுக்கு மேல் சர்க்கரை கரைந்தால் அளவு கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடும். அதுவும் இதுவும் கழிந்துவிடும். ஆக பாலும் தண்ணீருமாகப் பத்து லிட்டரில் தொடங்குங்கள்: பால் 6, தண்ணீர் 4. தூள் கால் கிலோ, சர்க்கரை 900 கிராம்.

வாங்கிய கப்பை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றிப் பாருங்கள். பன்னிரண்டு கப் வந்தால் மேலே சொன்ன கணக்கு. பதினாறு வந்தால் உங்கள் கப் சின்னது, எல்லாவற்றையும் நாலில் மூன்று பங்காக்கிக்கொள்ளுங்கள்.

பாய்லர் பாண்டி:
பந்திக்காரர் அளவு சரி, முறை சரியில்லை. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தால் அது டீ இல்லை, கஷாயம். கடையில் நாங்கள் பால் தனி, டிகாஷன் தனி வைப்பது சும்மா இல்லை. தூள் தண்ணீரில் இறங்குகிற மாதிரி பாலில் இறங்காது. பாலில் போட்டால் நிறம் வரவில்லையே என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவீர்கள், பிறகு துவர்க்கும். தண்ணீரில் இறக்கினால் 200 கிராமே போதும், நல்ல நீலகிரி டஸ்ட்டாக இருந்தால்.

பந்திக்காரன்:
அண்ணே, உங்களுக்குப் பாய்லர் இருக்கிறது, ஒவ்வொரு கிளாஸாக ஆற்றித் தரக் கை இருக்கிறது. நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து வந்தால் யார் டிகாஷன் கலந்துகொண்டு நிற்பது?

பாய்லர் பாண்டி:
கலப்பதை மூன்றரை மணிக்கே கலந்துவிடட்டும். நான் சொல்வது தயாரிப்பதைப் பற்றித்தான். நாலு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், தூளை மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து போடுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே ஊதி நடுவில் காய்ந்த தூளாகவே கிடக்கும். தீயைக் குறைத்து நாலு நிமிடம். மூட்டையை எடுத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் பொங்கி அடங்கிய பாலை ஊற்றிச் சர்க்கரை போட்டு ஒரு கொதி. அவ்வளவுதான்.

கலந்ததும் ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் மொத்த அண்டாவையும் மறுபடி கொதிக்கவிடக் கூடாது. அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் தூளைத் தனியாக இறக்கி வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாகச் சேருங்கள்.

நாளைய முதலாளி:
பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போடலாம் என்று இருக்கிறேன். நூறு கப் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? பார்ட்னர் கிலோ தூளில் ஆயிரம் கப் என்கிறான்.

பாய்லர் பாண்டி:
தம்பி, இங்கே விழாவுக்கு டீ பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் சொல்கிறேன், என் கடையில் கிலோவுக்கு நானூறு கிளாஸ் தாண்டியதில்லை. ஆயிரம் என்றால் அது வெந்நீர்.

கிழக்குத்தெரு:
இஞ்சி டீ போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை. போன பொங்கலுக்கு எங்கள் காலனியில் நூறு கிராம் இஞ்சியை நசுக்கி, சூடேறுகிற பாலில் நேராகப் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் ஐந்து லிட்டரும் திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. பால் கெட்டது என்று பால்காரரிடம் சண்டைக்கே போனேன். அப்புறம்தான் தெரிந்தது, பச்சை இஞ்சிச் சாறு பாலைத் திரிய வைக்குமாம். இஞ்சியைத் தண்ணீரோடு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்தக் குணம் போய்விடும், பிறகு பால் சேர்க்கலாம்.

பந்திக்காரன்:
இது முக்கியம். பால் பாக்கெட்டையும் ஒவ்வொன்றாக வெட்டி, முகர்ந்து பார்த்து, சின்னப் பாத்திரத்தில் ஊற்றிய பிறகே பெரியதில் சேருங்கள். அரை லிட்டர் பாக்கெட் பன்னிரண்டில் ஒன்று புளித்திருந்தாலும் ஆறு லிட்டரும் போச்சு. பாத்திரம் பதினைந்து லிட்டராவது பிடிக்க வேண்டும், பால் பொங்க இடம் வேண்டாமா?

அடுப்படி அரசி:
பாலில் பாதிக்கு மேல் தண்ணீரா என்று இன்னும் மனசு ஒப்பவில்லை.

பந்திக்காரன்:
பத்துக்கு நாலு. பாதிகூட இல்லை அக்கா. நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. திக்காக வேண்டுமென்றால் ஆரஞ்சு வாங்கி ஐந்துக்கு ஐந்து போடலாம்.

பாய்லர் பாண்டி:
ஆரஞ்சுப் பாலில் டீ வாசனை அமுங்கிவிடும். நீலம் ஆறு லிட்டர் தான் என் கட்சி.

அடுப்படி அரசி:
வாசனையைவிட ஆடைதான் எங்கள் வீட்டில் பேசும். நான் ஆரஞ்சு கட்சி.

தட்டச்சு மேசை:
சர்க்கரை நோய்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சர்க்கரையைத் தனியாக மேசையில் வைத்துவிடட்டுமா?

பாய்லர் பாண்டி:
வேண்டாம். வரிசை நின்றுவிடும், பாதிச் சர்க்கரை கப்பின் அடியில் கரையாமல் கிடக்கும். சர்க்கரை போடும் முன் இருபது கப்புக்கு ஒரு ஃபிளாஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு 700 கிராம் போடுங்கள்.

கிழக்குத்தெரு:
எங்கள் ஆபீஸில் மேசையில்தான் வைப்போம், ஒரு குறையும் வந்ததில்லை.

தட்டச்சு மேசை:
விழா முடிந்தது. பாண்டி அண்ணன் முறை, நீலப் பால், இஞ்சியைத் தண்ணீரிலேயே போட்டேன். அண்டாவில் ஏழு கப் மிஞ்சியது. ஆனால் சர்க்கரை இல்லாத இருபது கப்பும் கால் மணி நேரத்தில் காலி. விழா நாயகரே கேட்டு, இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கிழக்குத்தெரு:
மேசையில் வைத்திருக்கலாம்.