அப்பா படத்தில் கண்ணாடியை முழுசா எடுக்கணும், வியாழனுக்குள், உதவுங்கள்

குகைப் பையன்
அப்பா போன வாரம் தவறிவிட்டார். வியாழக்கிழமை காரியம், அதற்குள் 12க்கு 18 படம் ஃபிரேம் போட்டு வைக்கணும். முகம் தெளிவாக இருப்பது ஏற்காடு பகோடா பாயிண்டில் எடுத்த ஒரே படம்தான், அதில் கண்ணாடி போட்டிருக்கிறார். அம்மா கண்ணாடி இல்லாமல் வேண்டும் என்கிறார். நேற்று ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்து பழைய படத்திலிருந்து கண்ணை வெட்டி வைத்துப் பார்த்தேன், வேறு யாரோ அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. ஃபிரேம் இருந்த இடமெல்லாம் கரி பூசியது போல ஆகிறது. என்ன செய்வது?

மலைரோடு மணி
எந்த சாஃப்ட்வேர்? போனா, கம்ப்யூட்டரா? படம் எத்தனை பிக்சல்? எதுவும் சொல்லாமல் என்ன செய்வது என்றால் நாங்கள் என்ன சொல்வது தம்பி.

ஆல்பம் அக்கா
நான் கல்யாண வேலையில் கண்ணாடி போட்டவர் வந்தால் ஒரு ஷாட் போட்டுக்கொண்டு, ஒரு ஷாட் கழற்றிவிட்டு எடுத்துவிடுவேன். அப்புறம் வேலையே இல்லை. அவரைக் கழற்றச் சொல்லி இன்னொன்று எடுத்துவிடுங்களேன்.

மலைரோடு மணி
அக்கா, முதல் வரியைப் படியுங்கள்.

ஆல்பம் அக்கா
ஐயோ. மன்னிச்சுக்கோ தம்பி, அவசரத்தில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டேன்.

அஸ்தம்பட்டி ஆர்ட்ஸ்
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது, யாரும் பழைய பதிலைத் தேடுவதில்லை. ஹீலிங் பிரஷ் எடுத்து ஃபிரேம் மேல் ஓட்டு. ஒரு கண் கெட்டுப்போனால் நல்ல கண்ணை நகல் எடுத்துத் திருப்பி வை. பத்து நிமிட வேலை. அடிப்படை தெரியாமல் 12க்கு 18 எல்லாம் தொடக்கூடாது.

குகைப் பையன்
போட்டோஷாப் அண்ணா. படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கறுப்பு ஃபிரேம், தடிமன். வெயிலில் கறுக்கிற கண்ணாடி, லேசாகச் சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது. இடது கண்ணாடியின் மேல்பாதியில் வெள்ளையாகப் பனி தெரிகிறது. அந்த ஹீலிங் பிரஷ்தான் கரி பூசுகிறது.

செவ்வாய்ப்பேட்டை லேப்
அப்பாவுக்குத் தூரப்பார்வைக்குக் கண்ணாடியா, படிக்கவா? பவர் தெரியுமா? முதலில் எடுத்தவரிடம் சொல்லி அசல் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்பச் சொல், வாட்ஸ்அப் படத்தில் சாம்பல் ஏறிய பகுதியை வெளிச்சமாக்கினால் கட்டம் கட்டமாக உடையும்.

குகைப் பையன்
மைனஸ் 5, ரெண்டு கண்ணும். அசல் வந்துவிட்டது, 6000க்கு 4000.

செவ்வாய்ப்பேட்டை லேப்
சரி, கேள். நீ செய்த தப்பு வேறு கண்ணைக் கொண்டு வந்ததுதான். கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் சொந்தக் கண் அப்படியே இருக்கிறது, நிறமும் அளவும் மட்டும் மாறியிருக்கின்றன. இரண்டையும் திருப்பிக் கொண்டு வந்தால் போதும், புதிதாகக் கட்ட வேண்டியது ஃபிரேம் மறைத்த பட்டையை மட்டும்தான்.

முதலில் நிறம். ஒவ்வொரு கண்ணாடியின் உட்பகுதியையும் தனியாகத் தேர்ந்தெடுத்து Curves போடு. ஃபிரேமுக்கு வெளியே கன்னத்தில் ஒரு புள்ளி, ஒட்டினாற்போல் உள்ளே ஒரு புள்ளி, இரண்டும் ஒரே தோலாகத் தெரியும்வரை நடுவைத் தூக்கு, அப்புறம் சிவப்பைக் கொஞ்சம். அந்தக் கண்ணாடி குளிரில் இன்னும் அதிகமாகக் கறுக்கும், அதனால் ஏற்காட்டுப் படத்தில் நீ நினைப்பதைவிடக் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் அளவு. மைனஸ் கண்ணாடி கண்ணைச் சின்னதாகக் காட்டும். மைனஸ் 5க்குச் சுமார் ஏழு சதவீதம் குறையும். உட்பகுதியைத் தனி லேயராக்கி, கருவிழியை மையமாக வைத்து 107 சதவீதம் பெரிதாக்கு. இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்காதே, கண்களுக்கு நடுவிலான தூரம் மாறிவிடும். வலது கண்ணாடியின் வெளி ஓரத்தைப் பார், நெற்றிப்பொட்டுப் பக்கம் முகத்தின் கோடு கண்ணாடிக்குள் வந்ததும் உள்ளே தள்ளி வெட்டினாற்போல் நிற்கும். 107க்குப் போனதும் அது வெளிக்கோட்டை நோக்கி நகரும், ஆனால் முழுசாகச் சேராது, நெற்றிப்பொட்டு கண்ணைவிடப் பின்னால் இருக்கிறது. மிச்சத்தை Warp வைத்து ஓரத்தை மட்டும் இழு. கோடு சேரும்வரை மொத்தத்தையும் பெரிதாக்கினால் முழித்துப் பார்க்கிற முகமாகிவிடும்.

மலைரோடு மணி
அட, எனக்கே இது தெரியாது. நான் ஃபிரேமை மட்டும் அழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எல்லாரும் "கண் சின்னதாயிருக்கே" என்றுதான் சொல்வார்கள்.

அஸ்தம்பட்டி ஆர்ட்ஸ்
இதெல்லாம் தேவையற்ற விஞ்ஞானம். சாமி படம் மாதிரி மாலை போட்டு வைக்கப்போகிறார்கள், ஏழு சதவீதத்தை யார் அளக்கப்போகிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டை லேப்
அவங்க அம்மா அளப்பார்.

குகைப் பையன்
கண் வந்துவிட்டது அண்ணா! கரிதான் போகவில்லை.

செவ்வாய்ப்பேட்டை லேப்
ஹீலிங் பிரஷ் பக்கத்தில் இருக்கும் நிறத்தைக் கலந்துகொள்ளும். பக்கத்தில் கறுப்பு இருந்தால் கறுப்பைத்தான் இழுக்கும். முதலில் Clone Stamp, சின்ன பிரஷ், ஓரம் கெட்டியாக, Lighten வைத்து ஃபிரேமின் கறுப்பு ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் மூடு. அதற்கும் முன்னால் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கங்களைப் பார், அவை ஃபிரேமுக்கு உள்ளே ஓடி வெளியே வருகின்றன. அந்தக் கோடுகளை முதலில் இணைத்துவிடு, தோலை அப்புறம் நிரப்பு. தோலை முதலில் நிரப்பினால் சுருக்கம் பாதியில் நின்று கன்னத்தில் ஒட்டுப் போட்டது தெரியும். எல்லாம் மூடினபிறகு ஹீலிங் பிரஷ்.

கன்னத்தில் கீழ் ஃபிரேமின் நிழல் வளைவாக இருக்கும், பனியில் எடுத்ததால் மங்கல், கண்ணுக்குப் படாது. படத்தைச் சின்னதாக்கித் தள்ளி நின்று பார், கண்ணாடி போன பின்னும் கண்ணாடி போட்டவர் மாதிரி தெரிந்தால் அந்த நிழல்தான் காரணம்.

ஆல்பம் அக்கா
மூக்கில் ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்குமே, அதையும் எடுத்துவிடணும்.

செவ்வாய்ப்பேட்டை லேப்
நான் எடுக்கமாட்டேன் அக்கா. முப்பது வருஷம் கண்ணாடி போட்டவர் கழற்றினால் அந்தத் தடம் இருக்கத்தான் செய்யும். லேசாக்கினால் போதும்.

ஆல்பம் அக்கா
கண்ணாடியே வேண்டாம் என்கிறவர்களுக்கு அதன் தடம் மட்டும் எதுக்கு? எங்கள் ஸ்டூடியோவில் எடுத்துவிடுவோம், இதுவரை யாரும் கேட்டதில்லை.

மலைரோடு மணி
எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். கண்ணாடியோடே பார்த்துப் பழகின மனிதர், எதற்குக் கழற்றணும்? நாளைக்குப் பேரன் பார்த்து இது தாத்தாவா என்று கேட்பான்.

அஸ்தம்பட்டி ஆர்ட்ஸ்
வாடிக்கையாளர் கேட்பதைச் செய்வதுதான் தொழில்.

மலைரோடு மணி
இங்கே யாரும் வாடிக்கையாளர் இல்லை சார், அவர் மகன்.

குகைப் பையன்
சண்டை வேண்டாம். அம்மா கல்யாணம் ஆனபோது அப்பாவுக்குக் கண்ணாடி கிடையாதாம். அவ்வளவுதான். இடது இமையில் வெள்ளை அப்படியே நிற்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேப்
இரண்டு வகை இருக்கிறது. வெள்ளைக்குப் பின்னால் இமைக்கோடு மங்கலாகவாவது தெரிகிற இடத்தில், Curves இல் இடது கீழ் முனையை வலப்பக்கம் நகர்த்து, பனித்திரை விலகுகிற மாதிரி கோடு மேலே வரும். முழு வெள்ளையான இடத்தில் எதுவும் இல்லை, அங்கே மட்டும் அஸ்தம்பட்டிக்காரர் சொன்னது சரி, வலது இமையைத் திருப்பி வை. ஆனால் கருவிழியைத் தொடாதே, அதிலிருக்கும் வெளிச்சப் புள்ளி திரும்பினால் ஒரு கண் கிழக்கேயும் ஒரு கண் மேற்கேயும் பார்க்கும். அப்பாவுக்கு இமைகள் ஒரே மாதிரியா என்று பழைய படத்தில் பார்த்துக்கொள். அந்தப் படத்தை அளவு பார்க்க வைத்துக்கொள், வெட்டி ஒட்ட வேண்டாம்.

அஸ்தம்பட்டி ஆர்ட்ஸ்
நான் முதலிலேயே சொன்னேன்.

மலைரோடு மணி
தம்பி, என்ன ஆச்சு? வியாழன் போயிடுச்சே.

குகைப் பையன்
பிரிண்ட் போட்டு வைத்தாச்சு அண்ணா. இடது இமை எனக்கு இன்னும் உறுத்துகிறது, வீட்டில் யாரும் சொல்லவில்லை. மூக்குத் தடத்தை விட்டுவிட்டேன். ரொம்ப நன்றி.