புத்தக முதுகுல படுத்துக் கிடக்குற தலைப்புக்கு என்ன பேர் வைக்கலாம்?

கணிக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன நூலகங்களுக்கான ஒரு கேட்லாக் ஆப்பை தமிழ்ப்படுத்திட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள குடுக்கணும், இருநூறு சொற்றொடர் முடிச்சிட்டேன், நாலஞ்சுல மாட்டிக்கிட்டேன். ஆப் என்ன பண்ணும்னா, அலமாரிய போட்டோ எடுத்துக் குடுத்தா ஒவ்வொரு புத்தகத்தோட ஸ்பைனையும் தனித்தனியா வெட்டி, அதுல இருக்குற தலைப்ப படிச்சு பட்டியல் போடும். இதுல ஸ்பைனுக்கு ஒரு சொல் வேணும். அதுக்கு மேல, ஸ்பைன்ல எழுத்து படுத்துக்கிட்டு இருக்கும்ல, அது மேல இருந்து கீழ ஓடுதா, கீழ இருந்து மேல ஓடுதான்னு பயனர் தேர்ந்தெடுக்கணும், அந்த ரெண்டு திசைக்கும் ரெண்டு சொல். பட்டன் சின்னது, நீளமா போனா வெட்டிடும்.

வாத்தியார்:
குருவி, இதுக்கு ஏன் தவிக்கிற? தொல்காப்பியர் எடுத்து வெச்சிட்டுப் போயிருக்கார். வெரிந். முதுகுன்னு பொருள். தமிழ்ல ந்-ல முடியுற சொல் ரெண்டே ரெண்டுதான், பொருந், வெரிந். புள்ளிமயங்கியல்ல இதுக்குன்னே தனி விதி இருக்கு, அந்த ந் முழுக்கக் கெட்டு மெல்லெழுத்து வரும், வல்லெழுத்து மிகுறதும் உண்டு, வெரிங்குறை, வெரிக்குறைன்னு உரைக்காரங்க காட்டுவாங்க. அதனால வெரிந்தலைப்பு, இல்லன்னா வெரித்தலைப்பு. ரெண்டாயிரம் வருஷமா சும்மா கிடக்குற சொல்லுக்கு வேலை குடுத்த மாதிரியும் இருக்கும்.

பைண்டர் வீட்டுப் பையன்:
ஐயா மன்னிக்கணும், வெரித்தலைப்புன்னு பட்டன்ல பார்த்தா தலைப்புக்கு வெறி பிடிச்சிருச்சோன்னு நினைப்பாங்க. எங்க அப்பா நாப்பது வருஷம் பைண்டிங் பண்ணாரு, அவர் வாயில வந்தது முதுகுதான். முதுகுக்கு பசை போடு, முதுகுல காலிகோ துணி ஒட்டு, முதுகு உடைஞ்சிருச்சு. கடைக்கு வர்றவங்களும் முதுகுன்னுதான் சொல்லுவாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?

யாழ் ஆசிரியை:
எனக்கு ஒரு குழப்பம். எங்கட வகுப்பில புத்தகத்தின்ர முதுகு எண்டா பிள்ளைகள் பின்னட்டையத் திருப்பிக் காட்டுவினம். பின்னட்டையில கதைச் சுருக்கம், விலை எல்லாம் நேராத்தானே கிடக்கு, அதை வாசிக்க ஏன் திசை கேக்கிறியள்? நான் போன கிழமை பின்னட்டைகளைப் படம் எடுத்தனான், ஒரு பிரச்சினையும் வரேல்லை.

கணிக்குருவி:
அக்கா, நான் சொல்றது அலமாரில அடுக்கி வெச்சா வெளிய தெரியுமே அந்த ஒல்லியான பக்கம். ஆனா நீங்க சொன்னது நல்ல எச்சரிக்கை, முதுகுன்னா பின்னட்டைன்னு புரிஞ்சுக்குறவங்களும் இருப்பாங்க போல.

வாத்தியார்:
பாத்தியா. முதுகு ஊருக்கு ஒரு பொருள் தரும். வெரிந் யாருக்குமே தெரியாது, அதனால யாருக்கும் குழப்பமே வராது.

பைண்டர் வீட்டுப் பையன்:
ஐயா, இத விட நேர்மையான வாதத்த நான் கேட்டதில்ல.

ஒத்தையடிப்பாதை:
சொல்லு அப்புறம். திசைக்கு ஆப்ஷனே தேவையில்லன்னு நினைக்கிறேன். இங்கிலீஷ் புத்தகம் மாதிரி தமிழ்ப் புத்தகமும் மேல இருந்து கீழதான் ஓடும், அதனால எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்பிட்டா வேலை முடிஞ்சது. அதுவும் வேணாம்னா, படத்துல இருக்குற எழுத்தப் படிக்குற டெசராக்ட் மென்பொருள்ல `--psm 5` இருக்கு, நெட்டுக்குத்தா இருக்குற எழுத்துக்குன்னே வெச்சது, திருப்பாமலே படிக்கும்.

கரையான்:
தம்பி, பாதி சரி. மேல இருந்து கீழ ஓடவிடுறதுக்கு நல்ல காரணம் இருக்கு, புத்தகத்த முன்னட்டை மேல பாக்குற மாதிரி மேசைல படுக்க வெச்சா ஸ்பைன்ல இருக்குற தலைப்பு நேரா நிக்கும். ஐஎஸ்ஓ 6357 இதைத்தான் பரிந்துரைக்குது. ஆனா பிரெஞ்சு, ஜெர்மன் புத்தகங்கள்ல கீழ இருந்து மேல ஏறுறதுதான் நெடுநாள் வழக்கம், தலைய இடது பக்கம் சாய்ச்சுப் படிக்கணும். நம்ம ஊர் அலமாரில பழைய பதிப்புகள எடுத்துப் பாரு, அச்சடிச்சவர் மனசுபோல ரெண்டும் கலந்து கிடக்கும். ரொம்ப தடியான புத்தகத்துல தலைப்பு குறுக்கவே நேரா அச்சாகி இருக்கும். இன்னும் சிலதுல கடை போர்டு மாதிரி எழுத்து எழுத்தா நேரா நிக்க வெச்சு ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கி இருப்பாங்க. `--psm 5` சீன, ஜப்பானிய எழுத்து மாதிரி கீழ்நோக்கி அடுக்கினதுக்கு ஏத்தது, படுத்துக் கிடக்குற தமிழுக்கு நான் போட்டுப் பாத்தப்ப குப்பைதான் வந்துச்சு. திருப்பிட்டு ஒத்த வரியா குடுக்குறதுதான் வழி. நான் பண்றது இது:

```
convert muthugu.jpg -rotate -90 a.png
convert muthugu.jpg -rotate 90 b.png
tesseract a.png a -l tam+eng --psm 7 tsv
tesseract b.png b -l tam+eng --psm 7 tsv
```

ரெண்டு பக்கமும் திருப்பி, ரெண்டையும் படிக்க வெச்சு, எவ்வளவு நம்பிக்கையா படிச்சிருக்குன்னு சொல்ற `conf` பத்தியில எது சராசரி அதிகமோ அத எடுத்துக்குறேன். -1ன்னு வர்ற வரிகள விட்டுரணும். திசைய தானா கண்டுபிடிக்க `--psm 0` இருக்கேன்னு கேப்ப. அதுக்கு நிறைய எழுத்து வேணும், ஒரு தலைப்புல இருக்குற பத்துப் பன்னெண்டு எழுத்துக்கு `Too few characters. Skipping this page` ன்னு சொல்லிட்டுப் போயிரும். தலைகீழா குடுத்தாலும் அது சும்மா இருக்காது, எதையாவது தமிழ் எழுத்தா துப்பும், அதனால எழுத்து வந்துருச்சேன்னு நம்பிராத. ரெண்டெழுத்துத் தலைப்புன்னா `conf`-ம் ஏமாத்தும், அங்க மனுஷன் தேர்ந்தெடுக்கத்தான் வேணும், அதனால குருவியோட ஆப்ஷன் அவசியம்.

கணிக்குருவி:
ஐயா, அப்ப என் பிரச்சினையையும் சொல்லிடறேன். நான் சோதிச்ச போட்டோல தலைப்பெல்லாம் ஓரளவு வந்துச்சு, ஆனா பாட்டு பாடடுன்னு வருது, எழுத்தாளர் பேர் வரவே இல்ல.

கரையான்:
மெய்யெழுத்துப் புள்ளி காணாம போச்சுன்னா போட்டோல விவரம் பத்தலன்னு அர்த்தம், அதான் முதல் அறிகுறி. கணக்கு போட்டுப் பாரு. 90 சென்டிமீட்டர் அலமாரித் தட்டு முழுசையும் 4000 பிக்சல் அகலப் படத்துல அடைச்சா ஒரு மில்லிமீட்டருக்கு நாலரை பிக்சல்கூட வராது. தலைப்பு எழுத்து 5 மில்லிமீட்டர் உயரம்னா 22 பிக்சல், தட்டுத்தடுமாறி படிச்சிரும். எழுத்தாளர் பேர் 2 மில்லிமீட்டர், அது 9 பிக்சல். அதுல புள்ளி ஒரு பிக்சல், அவ்வளவுதான். அப்புறமா படத்தப் பெருசாக்குனாலும் போன புள்ளி திரும்பி வராது. அதே தட்ட மூணு படமா, 30 சென்டிமீட்டர் வீதம் கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி எடு, எழுத்தாளர் பேரு 27 பிக்சல் ஆயிரும். இன்னொண்ணு, முழு முதுகையும் ஒரே வரியா குடுத்தா பெரிய தலைப்போட உயரத்துக்கு ஏத்த மாதிரி மொத்த வரியையும் சுருக்கும், பக்கத்துல இருக்குற சின்ன எழுத்து நசுங்கிரும். அதனால தலைப்பு, எழுத்தாளர், பதிப்பகச் சின்னம்னு மூணா வெட்டி, ஒவ்வொண்ணையும் எழுத்து 30, 40 பிக்சல் உயரம் வர்ற மாதிரி அளவு மாத்திக் குடு.

வாத்தியார்:
இடையில ஒண்ணு. பிக்சலுக்குப் படப்புள்ளின்னு சொல்லுவாங்க. புள்ளில எத்தனை புள்ளி காணாம போச்சுன்னு கரையான் சொல்லியிருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும்.

ஒத்தையடிப்பாதை:
ஐயா, அழகா இருந்திருக்கும், யாருக்கும் புரிஞ்சிருக்காது.

பைண்டர் வீட்டுப் பையன்:
கரையான் அண்ணே சொன்னதோட மூணு சேத்துக்கங்க. நூலகத்துல மறுபைண்டிங் பண்ண புத்தகத்துல அச்சடிச்ச முதுகே இருக்காது, கறுப்பு காலிகோ மேல வெள்ளை மைல கையால எழுதி இருக்கும், அத எந்த ஆப்பும் படிக்கப் போறதில்ல. நடுவுல ரெண்டு பின் அடிச்ச ஒல்லிப் புத்தகத்துக்கு முதுகுன்னே ஒண்ணு கிடையாது. அப்புறம் எண் சீட்டு ஒட்டுறவங்க கீழ ஒட்டுவாங்க, அது நேரா பதிப்பகப் பேர் மேலயோ தலைப்போட கடைசி எழுத்து மேலயோ உக்காந்துக்கும்.

வாத்தியார்:
பின் அடிச்சதுக்கு முதுகில்லன்னா ஏட்டுச் சுவடிக்கும் இல்ல. துளை போட்டுக் கயிறு கோத்துப் பலகை வெச்சுக் கட்டினதுல எது முதுகு? ஐரோப்பாவுலயும் முந்தி முதுகக் காட்டி அடுக்கல, ஹெர்ஃபோர்டு தேவாலயத்துல சங்கிலி போட்ட புத்தகங்கள் இன்னைக்கும் தாள்விளிம்பு வெளிய தெரியுற மாதிரிதான் நிக்குது. முதுகுல தலைப்பு எழுதுறது பிற்காலப் பழக்கம். புதுப் பழக்கத்துக்குப் பழைய சொல், பொருத்தமாத்தான் இருக்கு.

கணிக்குருவி:
ஐயா வெள்ளிக்கிழமை!! திசைக்கு சொல்லுங்க. என் யோசனை, மேல இருந்து கீழன்னா இறங்குமுகம், கீழ இருந்து மேலன்னா ஏறுமுகம்.

ஒத்தையடிப்பாதை:
அழகா இருக்கு, ஆனா அதே ஆப்ல பட்டியல வரிசைப்படுத்த ஏறுவரிசை, இறங்குவரிசை இருக்குமே. பயனர் குழம்பிருவார். வலச்சாய்வு, இடச்சாய்வுன்னு வைங்க, தலைய எந்தப் பக்கம் சாய்க்கணுமோ அது.

பைண்டர் வீட்டுப் பையன்:
சாய்வுன்னா சாய்வெழுத்துன்னு நினைப்பாங்க. விலை இறங்குமுகம்னு பேப்பர்லயே போடுறான், கீழ போகுதுன்னு எல்லாருக்கும் புரியும். முதுகுத்தலைப்பு, இறங்குமுகம், ஏறுமுகம், நேரா இருக்குறதுக்கு கிடை, எழுத்தெழுத்தா இருக்குறதுக்கு அடுக்கு. நாலு ஆப்ஷன், முடிச்சிரலாம்.

யாழ் ஆசிரியை:
முதுகுத்தலைப்பு எண்டு போட்டியள் எண்டா பக்கத்தில ஒரு சின்னப் படமும் போடுங்கோ. இல்லாட்டி எங்கட பிள்ளைகள் பின்னட்டையைத்தான் படம் எடுப்பினம்.

கணிக்குருவி:
படம் போட எனக்கு உரிமை இல்ல அக்கா, சொல் மட்டும்தான் என் கைல. சரி, பெரும்பான்மை முதுகுத்தலைப்பு, ஏறுமுகம், இறங்குமுகம். குடுத்துட்டேன். வாத்தியார் ஐயா கோச்சுக்காதீங்க.

வாத்தியார்:
கோபமில்ல. என் மாற்றுக்கருத்தப் பதிவு பண்ணிக்கோ. அடுத்த பதிப்புல வெரிந்னு மறுபடியும் கேப்பேன்.

பைண்டர் வீட்டுப் பையன்:
குடுத்தப்புறம் சொல்றேன்னு திட்டாதீங்க. நேத்து நூலகத்துல ஒரு தட்ட போட்டோ எடுத்தேன், பதினெட்டு புத்தகம் இறங்குமுகம், ஒண்ணு மட்டும் ஏறுமுகம்னு வந்துச்சு. போய்ப் பாத்தா அந்தப் புத்தகத்த யாரோ தலைகீழா சொருகி வெச்சிருக்காங்க, எண் சீட்டு மேல இருந்துச்சு. அப்ப இறங்குமுகம்ங்கறது புத்தகத்தோட குணமா, போட்டோவோட குணமா? கேட்லாக்ல அத சேமிச்சு வைக்குதா அந்த ஆப்?

கணிக்குருவி:
ஐயோ. சேமிக்குது.