பதிவேற்றிய கோப்பைப் படிக்க இயலவில்லை என்கிறார்கள்: அவசர உதவி தேவை

ஈரோட்டு அம்மா: மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் சான்றைப் பதிவேற்றியபோது, ஏறிவிட்டது என்றே காட்டியது. இன்று, கோப்பைப் படிக்க இயலவில்லை, மீண்டும் அனுப்புங்கள் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நாளை மாலையே கடைசி நேரம். என்ன செய்வது?

வழிப்போக்கன்: எந்தச் சான்று, எங்கிருந்து இறக்கினீர்கள், உங்கள் கணினியில் அது திறக்கிறதா என்பதைச் சொல்லுங்கள், அம்மா.

கணினிப் பித்தன்: கோப்பு வகைதான் சிக்கலாக இருக்கும். பெயரின் கடைசியில் .pdf என்று மாற்றி ஏற்றிப் பாருங்கள்.

மூத்த உறுப்பினர்: புளி மூட்டையின் மேல் சர்க்கரை என்று எழுதினால் இனித்துவிடுமா? கேள்வியை முழுதாகக் கேட்கவும் பதிலை யோசித்துச் சொல்லவும் இங்கு யாருக்கும் பொறுமையில்லை.

மதுரை மாணவன்: எனக்கும் இப்படித்தான் ஆனது. ஐபோனில் எடுத்த .heic படத்தைப் பெயர் மாற்றி ஏற்றினேன், திறக்கவில்லை. பிறகு jpg ஆகவே மாற்றிச் சேமித்து அனுப்பினேன்.

ஈரோட்டு அம்மா: சொல்ல மறந்துவிட்டேன், அது இணையத்தில் இறக்கிய ஆதார் பிடிஎஃப். திறக்கும்போது கடவுச்சொல் கேட்கிறது. மகளின் பெயரை மாற்றிச் சொல்கிறேன்: S. Kavitha, பிறந்த ஆண்டு 2007. SKAV2007 என்று இட்டேன், ஏற்கவில்லை. அதனால் அப்படியே ஏற்றிவிட்டேன்.

அச்சகத்துக்காரர்: சிக்கல் தலைப்பெழுத்தில்தான் இருக்கிறது. ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு குறிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன்பின் பிறந்த ஆண்டை இட வேண்டும். இடைவெளியைக் கணக்கில் கொள்வதில்லை, ஆனால் புள்ளியும் ஒரு குறியே. ஆகவே S.KA2007 என்று இடுங்கள். திறந்ததும் குரோமில் Ctrl+P அழுத்தி, Save as PDF என்பதைத் தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். அந்தப் புதிய கோப்பை வேறொருவரின் கைபேசிக்கு அனுப்பி, கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். கடவுச்சொல்லை நீக்கித் தரும் இணையதளங்களில் மட்டும் ஆதாரைக் கொடுத்துவிடாதீர்கள்.

கணினிப் பித்தன்: நான் அத்தகைய தளங்களைத்தான் பயன்படுத்துகிறேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சொன்னபடி அச்சிட்டுச் சேமித்தால் மின்கையொப்பம் போய்விடுமே, அதை ஏன் சொல்லவில்லை?

அச்சகத்துக்காரர்: போய்விடும் என்பது உண்மைதான். அதனால் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். எனினும், திறக்கவே முடியாத கோப்பில் கையொப்பம் இருந்து அவர்களுக்கு என்ன பயன்?

மூத்த உறுப்பினர்: கையொப்பமில்லாத படியைக் கல்லூரி ஏற்குமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வழிப்போக்கன்: அட்டையை ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களிடம் மட்டும் கையொப்பம் இருக்கிறதா, ஐயா?

ஈரோட்டு அம்மா: புள்ளி வைத்ததும் திறந்துவிட்டது. புதிய கோப்பை ஏற்றிவிட்டேன். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.