புதுப்பிப்பு: ஸ்பிரிண்ட் பிளானிங்குக்கு முன் டிக்கெட்டைத் தயார் செய்வது

என் பழைய கேள்வி: "பிளானிங்கில் பாதி நேரம் டிக்கெட்டுக்கு அர்த்தம் தேடுவதிலேயே போகுது. முன்னாடியே என்ன பண்ணலாம்?"

பதிலில் 'எல்லாத்துக்கும் பாயிண்ட் போடுங்க' என்றவர் பாதி சரி. தெளிவில்லாத டிக்கெட்டில், வேலையின் அளவைச் சொல்லும் பாயிண்ட் வெறும் ஊகம்தான். சீனியர் ஒருவர் சொன்னதே உதவியது: பிளானிங்குக்கு இரண்டு நாள் முன்பே டிக்கெட்டுகளைத் தெளிவாக்கும் ரிஃபைன்மெண்ட் கூட்டம் வைத்து, காத்திருக்கும் வேலைகளின் பட்டியலான பேக்லாகின் மேலிருந்து ஒன்றரை ஸ்பிரிண்ட் அளவு மட்டும் பாருங்கள்.

உதாரணமாக, 'ஓடிபி மூலம் பாஸ்வேர்ட் மாற்றம்'. ஓடிபி எத்தனை நிமிடம் செல்லும்? எத்தனை தவறுக்குப் பின் முடக்குவது? எஸ்எம்எஸ் வராவிட்டால்? பிராடக்ட் ஓனர் இவற்றுக்குக் கூட்டத்துக்கு முன்பே எழுதும் பதில்கள்தான் ஏற்பு நிபந்தனைகள். எஸ்எம்எஸ் கேட்வே அனுமதி வேறு டீமிடம் இருப்பதால், அந்த அனுமதிக்கான டிக்கெட் வரிசையில் இதற்கு மேலே போகவேண்டும்.

ஸ்பிரிண்ட் நடுவில் வரும் புரொடக்‌ஷன் பக் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு பிரச்சினை, தனி இழை போடுங்க. ஆராய்ந்து பார்க்க மட்டும் போடும் ஸ்பைக் டிக்கெட்டுக்குப் பாயிண்ட் வேண்டுமா என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.