விழித்திரையில் சிரை அடைப்பு: ஊசி போட்டும் வீக்கம் திரும்ப வருகிறதே?

மீனா:
அப்பாவுக்கு 61 வயசு. காலையில பேப்பர் படிக்கும்போது எழுத்து கலங்குது, வரி வளைஞ்சு தெரியுதுன்னார். வலியும் இல்ல, சிவப்பும் இல்ல. வலது கண்ணை மூடினப்போதான் கோளாறு இடது கண்ணிலன்னே தெரிஞ்சது. விழித்திரையில ஒரு கிளைச் சிரை அடைச்சிருக்காம். அங்கேயே பிபி பார்த்தாங்க, 180/100. அவருக்கு பிபி இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. ஓசிடி ஸ்கேன்ல விழித்திரையோட நடுப்பகுதித் தடிமன் வீங்கி 510 மைக்ரான். மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி போட்டதும் 290க்கு இறங்குச்சு. கொஞ்சம் இடைவெளி விட்டதும் மறுபடி 400. ஊசி வேலை செய்யலையா?

செல்வம்:
அடைப்புன்னா ரத்தக்கட்டிதானே? இதயத்துக்குக் கொடுக்கிற ரத்தம் உறையாத மாத்திரையைக் கேளுங்க, கரைஞ்சிடும்.

ஜமீலா:
எனக்கும் மங்கலாத்தான் இருந்துச்சு. புரை எடுத்து லென்ஸ் வெச்சாங்க, பளிச்சுன்னு ஆயிடுச்சு. அப்பாவுக்கும் செஞ்சிடலாமே?

ரேவதி (விழித்திரைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்):
ஜமீலாக்கா, புரை மெல்ல மெல்ல மறைக்கும். இது திடீர்னு வந்தது, லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற பிரச்சினை.

செல்வம், கட்டி இருக்கிறது உண்மைதான். ஆனா அந்த மாத்திரையால இந்த அடைப்பு திறக்கிறதில்ல. விழித்திரையில தமனியும் சிரையும் குறுக்கே போகிற இடத்துல ரெண்டுக்கும் ஒரே உறைதான். பல வருஷ பிபியால தமனிச் சுவர் தடிச்சு, அடியில போகிற சிரையை நசுக்குது. ரத்தம் தேங்குது, நீர் கசிஞ்சு நடுப்பகுதி வீங்குது.

மீனா, ஊசி அந்தக் கசிவைத்தான் நிறுத்தும், அடைப்பைத் திறக்காது. மருந்து வேகம் குறைஞ்சதும் வீக்கம் திரும்புறது சகஜம். 510 இறங்கி 290 ஆனதே மருந்து கேட்குதுங்கிறதுக்கு அடையாளம். இடைவெளியைக் குறைச்சு, அப்புறம் ஸ்கேன் பார்த்துப் பார்த்து நீட்டுவாங்க. சில பேருக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும், சில பேருக்கு வருஷக்கணக்கா இழுக்கும்.

தாமஸ்:
எனக்கு அடைச்சது கிளை இல்ல, மத்திய சிரையே. ஊசி சரிப்படலைன்னு கண்ணுக்குள்ள ஸ்டீராய்டு வெச்சாங்க. வீக்கம் வத்திச்சு, கண் அழுத்தம் ஏறிடுச்சு. இப்போ அதுக்குத் தனியா சொட்டு மருந்து. அப்புறம் புதுசா ரத்தக்குழாய் முளைச்சதுன்னு லேசரும் பண்ணாங்க. பார்வை பாதிதான் திரும்புச்சு.

ரேவதி:
தாமஸ் அண்ணா சொன்ன புதுக் குழாய்தான் எங்களுக்குப் பெரிய கவலை. ரத்தம் போகாத பகுதி பெரிசா இருந்தா அது முளைக்கும். கருவிழிப் பக்கம் வந்துட்டா கடுமையான கண் அழுத்த நோயில கொண்டு விடும். அதனால பார்வை தேறினாலும் சோதனைக்கு வரச் சொல்வோம். மீனா, திடீர்னு கண் வலிச்சுச் சிவந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

மீனா:
பிபி இப்போ 130/80ல நிக்குது. அப்போ இனிமே ஊசி குறையுமா?

ரேவதி:
அதை உறுதியாச் சொல்ல முடியாதும்மா. பிபி அடங்கினதால பழைய அடைப்பு விலகிடாது. ஆனா வலது கண்ணிலயும் தமனியும் சிரையும் குறுக்கே போகிற இடங்கள் இருக்கே, அந்தக் கண்ணைக் காப்பாத்த பிபி மாத்திரை அவசியம். சர்க்கரை, கொழுப்பும் பார்த்தாச்சா?

மீனா:
சர்க்கரை இல்ல. கொழுப்பு இன்னும் பார்க்கல. இந்த வாரம் பார்த்துட்டு எழுதறேன்.